ஆடியில் வருமானம் இல்லாதவனுக்கு வீட்டுக் கடன்

கும்பகோணத்தில் திருமணப் புகைப்படம் எடுப்பது என் தொழில். தையிலும் வைகாசியிலும் முகூர்த்தம் குவிந்து, ஒரே மாதத்தில் இரண்டு லட்சம் கூட வரும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே இல்லை. 2023 ஜூனில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோது, இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் வங்கி பெரிய குறையாகப் பார்க்கும் என்று நினைத்தேன். அதை விளக்கப் பதில்களையும் தயாராக வைத்திருந்தேன். மேலாளர் அதைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை.

அவர் பார்த்தது என் வருமான வரிக் கணக்கை. ஆண்டு முழுவதும் என் கைக்கு வந்த தொகை 14,40,000 ரூபாய். அதில் பெரும்பகுதி ரொக்கம். சிறு தொழில் செய்பவர்கள் முழுக் கணக்குப் புத்தகம் எழுதாமல், வரவில் ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டை லாபமாகக் காட்ட வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவு அப்போது இடம் தந்தது. ரொக்க வரவுக்குக் குறைந்தது 8 விழுக்காடு, வங்கி வழியாக வருவதற்கு 6. ஆண்டுதோறும் எல்லாவற்றுக்கும் சேர்த்து 8 என்றே போட்டுவந்தோம். லாபம் 1,15,200 ரூபாய். அதாவது மாதம் 9,600.

மேலாளர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். “இதில் பாதியைத்தான் கடன் தவணைகளுக்கு ஒதுக்க முடியும் சார். 4,800 ரூபாய். கேமராவுக்கு ஏற்கெனவே 5,000 கட்டுகிறீர்கள். மீதம் எதுவும் இல்லையே.” வரவுதான் 14 லட்சம் இருக்கிறதே என்றேன். வங்கிக்கு வரவு வருமானம் ஆகாது, வரித்துறையிடம் லாபமாகக் காட்டிய தொகைதான் வருமானம் என்றார். உதவியாளர் கூலி, ஆல்பம் அச்சு, வண்டிச் செலவு எல்லாம் போக மாதம் நாற்பதாயிரமாவது எனக்கு நிற்கும். அதைச் சொல்லும் காகிதம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

கணக்கை ஜோடித்துத் தருவதாக ஒரு தரகர் சொன்னார், மறுத்துவிட்டேன். ஆடிட்டரிடம் போய் நின்றேன். 8 என்பது குறைந்தபட்சம் மட்டுமே, உண்மையான லாபம் அதிகமென்றால் அதையே காட்டலாம் என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு அது தெரியும். அதைவிட என்னை வருத்தியது வேறொன்று. அந்த ஆண்டில் 5 லட்சம் வரை வருமானத்துக்குத் தள்ளுபடி போக வரியே கிடையாது. குறைத்துக் காட்டியதால் நான் ஒரு ரூபாயும் மிச்சப்படுத்தவில்லை.

2023 ஜூலையில் 4,90,000 என்று காட்டினேன். அடுத்த ஆண்டுக்கு 6,20,000. புதிய வரி முறையில் 7 லட்சம் வரை தள்ளுபடி இருந்ததால் அதற்கும் வரி வரவில்லை. இரண்டையும் அந்தந்த ஆண்டின் கெடுவுக்குள் தாக்கல் செய்தேன். கடன் கேட்பதற்குச் சற்று முன்னால் இரண்டு ஆண்டுக் கணக்கையும் ஒரே வாரத்தில் போட்டால், ஒப்புகைச் சீட்டில் உள்ள தேதியே சந்தேகத்தைக் கிளப்பிவிடும்.

வரிக் கணக்கில் கூட்டிக் காட்டினால் மட்டும் போதாது, வங்கிக் கணக்கும் அதையே சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ரொக்கமாக வாங்கிய பணத்தை மண்டபத்திலேயே உதவியாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவேன். தொழிலுக்கென்று நடப்புக் கணக்கு ஒன்று தொடங்கி, வாங்கிய முன்பணம் முழுவதையும் முதலில் அதில் போட்டு, பிறகு எடுத்துச் செலவழித்தேன். முன்பதிவு நோட்டில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தேதி, தொகை, வங்கியில் வரவான நாள் ஆகியவற்றை எழுதினேன்.

2024 செப்டம்பரில் மீண்டும் விண்ணப்பித்தேன். ஓராண்டு வங்கிப் பட்டியலில் 1,50,000 ரூபாய் வரவு ஒன்றை மேலாளர் வட்டமிட்டார். அது சீட்டு எடுத்த பணம். தொழில் வரவு இல்லை என்று கழித்துவிட்டு, சீட்டுப் புத்தகத்தின் நகலை மட்டும் வாங்கிக்கொண்டார். ஆடி மாதம் ஏறத்தாழ வெறுமையாக இருந்தது. வங்கி சார்பில் கடையை நேரில் பார்க்க வந்த பெரியவர், “ஆடியில் யார் தம்பி கல்யாணம் வைக்கிறார்கள்?” என்று நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஆவணித் தேதிகளுக்கு வாங்கியிருந்த முன்பணத்தைக் குறித்துக்கொண்டார். ஆடியிலும் கேமராத் தவணை திரும்பாமல் போயிருக்கிறதா என்பதில்தான் அவர் கண்ணாக இருந்தார்.

இரண்டு ஆண்டு சராசரி 5,55,000, மாதம் 46,250. அதில் பாதி 23,125. கேமராத் தவணை போக 18,125. 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக்கு, லட்சத்துக்கு மாதம் 900 ரூபாய் ஆகும். அந்தக் கணக்கில் 20 லட்சம் வரை வரும். வீட்டின் மதிப்பையும் பார்த்து 18 லட்சம் கொடுத்தார்கள். தவணை சுமார் 16,200. வைகாசி வரவிலிருந்தே ஆடித் தவணையையும் ஐப்பசி வரவிலிருந்து மார்கழித் தவணையையும் எடுத்துத் தனியாக வைத்துவிடுகிறேன்.