பட்டாசு மருந்து கலக்கும் அறையில் தீ: அறிக்கையில் எழுதியது

கலெக்டர் அலுவலகத்துக்கு அறிக்கை கொடுத்தாயிற்று. 'உராய்வினால் தீ' என்று ஒரே வரியில் முடிக்க மனம் வரவில்லை.

மருந்து சலிக்கும்போது குப்பென்று பிடித்து, சில நொடிகளில் அடங்கியது. சுவரெல்லாம் கரி, ஆனால் விரிசல் இல்லை. கூரையும் அசையவில்லை. அதனால் இது வெடிப்பு அல்ல, கொஞ்சமாக இருந்த மருந்து மொத்தமாக எரிந்த தீ. கலந்ததை உடனுக்குடன் வெளியே எடுத்ததுதான் காப்பாற்றியது.

ரப்பர் விரிப்பு ஒரு மூலையில் சுருண்டு சிமெண்ட் தரை தெரிந்தது. சல்லடை அங்கேதான் கிடந்தது. அன்று காற்றில் ஈரமும் குறைவு. நிலைமின்சாரமா, தரை மணலின் உரசலா என்பதை ஆய்வாளர்கள் பார்க்கட்டும். எதையும் நகர்த்தாமல் அறையைப் பூட்டியிருக்கிறோம்.

சலித்த அண்ணனுக்கு முன்கைகளில் தீக்காயம். பருத்திச் சட்டை என்பதால் துணி உருகி ஒட்டவில்லை. அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே சேர்த்திருக்கிறேன்.