காஸியன் பல்ஸைக் குறுக்கினால் ஸ்பெக்ட்ரம் ஏன் விரிகிறது? வைவாவில் திணறிய பிறகு புரிந்துகொண்டது

எம்.டெக். சேர்க்கைக்கான நேர்முகத் தேர்வு. கரும்பலகையில் காஸியன் எனப்படும் மணி வடிவப் பல்ஸ் ஒன்றை வரையச் சொன்னார்கள், வரைந்தேன். அதன் ஃபூரியர் மாற்றம் கேட்டார்கள், அதுவும் மணி வடிவம்தான் என்று எழுதினேன். "பல்ஸின் அகலத்தைப் பாதியாக்கினால்?" "ஸ்பெக்ட்ரம் இரண்டு மடங்கு அகலமாகும் சார்." "ஏன்?" ஸ்கேலிங் பண்பை எழுதிக் காட்டினேன்.

கேள்வி கேட்டவர்களில் மூத்தவர் லேசாகச் சிரித்தார். "தம்பி, இது கணக்கு. நான் காரணம் கேட்டேன்."

நான் திரும்பவும் அதே சமன்பாட்டையே விளக்கினேன். அவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். அன்றைக்கு எனக்குத் தெரியாத பதிலையும், பிறகு எழுத்துத் தேர்வுக்குப் படிக்கும்போது இதே தலைப்பில் நான் விழுந்த மற்ற குழிகளையும் எழுதுகிறேன்.

சிக்னலில் நிற்கும்போது முன்னால் உள்ள இரண்டு வண்டிகளின் இண்டிகேட்டர்களைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்ச நேரம் இரண்டும் சேர்ந்து மின்னும். அப்புறம் மெல்ல விலகி, ஒன்று எரியும்போது மற்றது அணைந்திருக்கும். இரண்டின் வேகமும் கிட்டத்தட்ட ஒன்று என்றால் அந்த விலகலுக்கு வெகுநேரம் ஆகும். வேகத்தில் வித்தியாசம் அதிகம் என்றால் நாலைந்து மின்னலிலேயே பிரிந்துவிடும். அந்த மூத்தவர் கேட்ட காரணம் இதுதான்.

பல்ஸ் என்பது பல அலைவெண்களில் ஓடும் கொசைன்களின் கூட்டல். நடுவில், அதாவது t = 0-வில், எல்லாக் கொசைன்களும் ஒரே நேரத்தில் உச்சியில் நிற்கின்றன. அதனால்தான் அங்கே பல்ஸ் உயரமாக இருக்கிறது. பல்ஸ் சரிந்து பூஜ்யமாக வேண்டும் என்றால் அவை ஒன்றையொன்று அடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு அவை தாளம் தப்ப வேண்டும். Δf அளவு வித்தியாசமுள்ள இரண்டு கொசைன்கள் நேர் எதிராக வருவதற்கு 1/(2Δf) நேரம் ஆகும். சீக்கிரம் சரிய வேண்டும் என்றால் Δf பெரிதாக இருந்தே ஆக வேண்டும். குறுகிய பட்டைக்குள் இருக்கும் கொசைன்களை எந்த அளவில் கூட்டினாலும் சரி, அவை வெகுநேரம் சேர்ந்தேதான் ஓடும். பல்ஸைச் சீக்கிரம் அணைக்க அவற்றால் முடியாது.

எண்களில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1000 ஹெர்ட்ஸ் ஒலியை எடுத்து, அதன் மேல் மணி வடிவ உறை ஒன்றைப் போடுவோம்:

```
x(t) = exp(-t²/(2σ²)) · cos(2π·1000·t)
```

ஸ்பெக்ட்ரம் 1000 ஹெர்ட்ஸை மையமாக வைத்த ஒரு மணி. அதன் சிக்மா 1/(2πσ). உறையின் σ 1 மில்லிவினாடி என்றால் ஸ்பெக்ட்ரத்தின் சிக்மா 159 ஹெர்ட்ஸ். மையத்திலிருந்து இருபுறமும் ஒரு சிக்மா தள்ளி உள்ள இரண்டு கொசைன்களை மட்டும் பாருங்கள்: 841, 1159. வித்தியாசம் 318 ஹெர்ட்ஸ். இவை எதிரெதிராக வருவது 1.57 மில்லிவினாடியில். அந்த நேரத்தில் உறை எவ்வளவு என்று போட்டுப் பார்த்தால் உச்சியில் 29 சதவீதம்தான். பல்ஸ் சரிந்துகொண்டிருக்கும் இடமும் இந்த ஜோடி முறியும் இடமும் ஒத்துப்போகின்றன. இப்போது σ-வைப் பாதியாக்கினால் சரிவு அதில் பாதி நேரத்தில் நடக்க வேண்டும். ஜோடியும் பாதி நேரத்தில் முறிய வேண்டும். அதற்கு வித்தியாசம் 637 ஹெர்ட்ஸ் ஆக வேண்டும். ஸ்கேலிங் பண்பு சொல்வதும் இதையேதான்.

ஹெட்போனில் இதைக் கேட்கவும் முடியும். σ 10 மில்லிவினாடி என்றால் 'டிங்' என்று சுருதியோடு கேட்கும். 1 மில்லிவினாடிக்குக் குறைத்தால் வெறும் 'டக்'. ஒரே அலைவெண்ணில் குவிந்திருந்த ஆற்றல் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் பரவிவிட்டது, காதுக்குச் சுருதி பிடிபடவில்லை.

காரணம் புரிந்த பிறகும் எண் விடைக் கேள்விகளில் தப்பு வந்துகொண்டே இருந்தது. நேர அகலத்தையும் அலைவெண் அகலத்தையும் பெருக்கினால் வரும் எண் என்ன? ஒரு நோட்ஸில் 0.441, இன்னொன்றில் 0.5, வேறொன்றில் 0.08. எது சரி என்று நண்பர்களோடு சண்டையே போட்டிருக்கிறோம். மூன்றும் சரிதான். 'அகலம்' என்று எதைச் சொல்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

நம்முடைய அதே 1 மில்லிவினாடி பல்ஸையே எடுத்துக்கொள்வோம். உயரம் பாதியாகும் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அரை உயர அகலம் என்போம். வீச்சில் அளந்தால் நேர அகலம் 2.355 மில்லிவினாடி, ஸ்பெக்ட்ரத்தின் அகலம் 375 ஹெர்ட்ஸ், பெருக்கல் 0.883. இரண்டையும் வர்க்கமாக்கி, அதாவது திறனில் அளந்தால், ஒவ்வொரு அகலமும் √2 மடங்கு குறைகிறது. 1.665 மில்லிவினாடி, 265 ஹெர்ட்ஸ், பெருக்கல் 0.441. லேசர்காரர்கள் பயன்படுத்துவது இதைத்தான், ஏனென்றால் அவர்களுடைய கருவிகள் திறனைத்தான் அளக்கின்றன. திறனின் திட்டவிலக்கத்தை எடுத்தால் 0.707 மில்லிவினாடியும் 112.5 ஹெர்ட்ஸும் வரும், பெருக்கல் 0.0796, அதாவது 1/(4π). அதே கணக்கில் ஹெர்ட்ஸுக்குப் பதில் ரேடியன் போட்டால் 2π சேர்ந்து சரியாக 0.5.

எனக்கு அடிக்கடி வந்த விடை இவற்றில் எதுவும் இல்லை. 0.624! நேரத்தை அலைக்காட்டியில் வீச்சாகப் படித்துவிட்டு, ஸ்பெக்ட்ரத்தைத் திறனாகப் படித்தால் இந்த எண் வரும். மாற்றிச் செய்தாலும் இதேதான். உங்கள் விடைக்கும் சரியான விடைக்கும் உள்ள விகிதம் 1.41 என்றால் வேறெங்கும் தேட வேண்டாம், ஒரு பக்கம் வர்க்கமாக்க மறந்திருக்கிறீர்கள். விகிதம் 6.28 என்றால் ரேடியனையும் ஹெர்ட்ஸையும் கலந்திருக்கிறீர்கள். கேள்வியில் அகலம் எப்படி வரையறுக்கப்பட்டிருக்கிறது என்ற ஒரு வரியை அடிக்கோடிட்டுவிட்டுத்தான் இப்போதெல்லாம் கால்குலேட்டரைத் தொடுகிறேன்.

மணி வடிவத்துக்குத்தான் இந்தப் பெருக்கல் மிகக் குறைவு என்று பாடத்தில் வரும். அதுவும் திட்டவிலக்க அளவுக்கு மட்டும்தான் உண்மை. sech² என்ற திறன் வடிவத்துக்கு அரை உயர அகலங்களின் பெருக்கல் 0.315, மணியின் 0.441-ஐ விடக் குறைவு. இதைப் பார்த்ததும் விதியே உடைந்துவிட்டது என்று நான் நினைத்ததுண்டு. அதே sech²-ஐத் திட்டவிலக்கத்தில் அளந்தால் ரேடியன் கணக்கில் 0.524 வருகிறது, 0.5-க்கு மேல்தான். sech²-க்கு மணியை விட நீளமான வால் இருக்கிறது. அரை உயர அகலம் வாலைக் கண்டுகொள்ளாது, திட்டவிலக்கம் விடாது.

ஆய்வகத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பைத்தானில் இதைச் சரிபார்க்க இப்படி எழுதினோம்:

```python
import numpy as np
fs, s, L = 48000, 0.001, 0.005
t = np.arange(-L, L, 1/fs)
x = np.exp(-t**2/(2*s**2)) * np.cos(2*np.pi*1000*t)
A = np.abs(np.fft.rfft(x))
f = np.fft.rfftfreq(len(x), 1/fs)
b = f[A > A.max()/2]
print(b[-1] - b[0])
```

375 வர வேண்டிய இடத்தில் 200-ஐ ஒட்டி வந்தது. `s`-ஐப் பாதியாக்கினோம், 600-ஐ ஒட்டி வந்தது. இரண்டு மடங்கு ஆக வேண்டியது மூன்று மடங்கு! கூட இருந்தவன் அதற்கு ஒரு விளக்கம்கூட எழுத ஆரம்பித்துவிட்டான். விஷயம் என்னவென்றால் பதிவின் மொத்த நீளம் 10 மில்லிவினாடிதான், ஆகவே எஃப்எஃப்டி புள்ளிகளுக்கு இடையே உள்ள இடைவெளி 100 ஹெர்ட்ஸ். அந்த அளவுகோலால் 375-ஐ அளக்க முடியாது. `L`-ஐ 0.5 ஆக்கினால் இடைவெளி 1 ஹெர்ட்ஸாகக் குறையும், விடை 374-ஐ ஒட்டி நிற்கும். பதிவை நீட்ட வழியில்லை என்றால் பின்னால் பூஜ்யங்களைச் சேர்த்தாலும் போதும், இங்கே பல்ஸ் ஏற்கெனவே அடங்கிவிட்டதால் அதில் தவறில்லை. உங்கள் விடைகள் எல்லாம் ஒரே எண்ணின் முழு மடங்குகளாக வந்தால் இந்தக் கோளாறுதான் என்று சந்தேகப்படுங்கள்.

கடைசியாக, என்னை இரண்டு மாதிரித் தேர்வுகளில் ஏமாற்றிய கேள்வி. 'ஒரு பல்ஸ் ஃபைபர் வழியாகப் போய் இரண்டு மடங்கு அகலமாகிறது. அதன் ஸ்பெக்ட்ரம் என்ன ஆகும்?' கை தானாகவே 'பாதியாகும்' என்று எழுதும். தவறு. அகலமாக்கியது டிஸ்பெர்ஷன் மட்டும் என்றால் ஸ்பெக்ட்ரத்தின் அகலம் துளிகூட மாறாது.

திரும்ப இண்டிகேட்டர்களுக்கே வருவோம். டிஸ்பெர்ஷன் எந்தக் கொசைனையும் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. ஒவ்வொன்றையும் வெவ்வேறு அளவு தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். எல்லாம் ஒன்றாக உச்சிக்கு வந்த அந்த ஒரு நொடி கலைந்துவிடுகிறது. பல்ஸ் குறுகலாக இருக்க ஸ்பெக்ட்ரம் அகலமாக இருக்க வேண்டும், உண்மை. ஸ்பெக்ட்ரம் அகலமாக இருந்தால் பல்ஸ் குறுகலாகத்தான் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. கொசைன்கள் ஒரே நேரத்தில் உச்சிக்கு வந்தால்தான் அது நடக்கும். ஸ்கேலிங் பண்பு நேர அச்சை அப்படியே இழுக்கும்போது பொருந்துவது. இங்கே யாரும் அச்சை இழுக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 800 நானோமீட்டர் லேசரில் 100 ஃபெம்டோவினாடி மணிப் பல்ஸ் ஒன்றுக்கு 4.41 டெராஹெர்ட்ஸ் அகலம், அலைநீளத்தில் சுமார் 9.4 நானோமீட்டர். அதை 1 செ.மீ. தடிமனுள்ள பிகே7 கண்ணாடி வழியாக அனுப்பினால் 101 ஃபெம்டோவினாடியாக வெளியே வரும், கருவியில் வித்தியாசமே தெரியாது. 10 ஃபெம்டோவினாடிப் பல்ஸுக்கு அலைவெண் அகலம் பத்து மடங்கு, 44 டெராஹெர்ட்ஸ். அதே கண்ணாடித் துண்டு வழியாகப் போனால் அது சுமார் 124 ஃபெம்டோவினாடி ஆகிவிடுகிறது. உள்ளே போகும்போது குறுகலாக இருந்தது வெளியே வரும்போது மற்றதைவிட அகலம்! வெளியே வந்ததை அளந்து பெருக்கிப் பார்த்தால் 0.441 வராது, 5.5-க்குப் பக்கத்தில் வரும். மணி வடிவம் என்று தெரிந்த பல்ஸில் பெருக்கல் 0.441-ஐத் தாண்டினால் அது வழியில் எங்கோ தாளம் கலைந்து வந்திருக்கிறது என்று அர்த்தம். எதிர்த் தாமதம் தரும் பிரிசம் ஜோடியோ கிரேட்டிங் ஜோடியோ வைத்து அதைத் திரும்பவும் 10-க்குப் பக்கத்தில் கொண்டுவர முடிவதும், ஸ்பெக்ட்ரம் அப்படியே பத்திரமாக இருப்பதால்தான்.