ஒரு மாதம் கேட்டேன், ஐந்து நாள் எடுத்தேன்

மகனுக்குப் பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் மாதத்தில். நான் வேலை பார்ப்பது ஒரு மத்திய அரசு அலுவலகத்தில், பில் தயாரிக்கும் பிரிவில். மார்ச் 31-க்குள் பில்கள் பாஸ் ஆகாவிட்டால் அந்த ஆண்டு ஒதுக்கிய பணம் காலாவதியாகிவிடும். வருடம் முழுக்க யாரும் எங்கள் பிரிவை எட்டிப் பார்க்க மாட்டார்கள், மார்ச்சில் மட்டும் வாசலில் வரிசை நிற்கும்.

பெண் ஊழியர்களுக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. சிசிஎல் என்போம். பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள், முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம். குழந்தையின் தேர்வுக்கு எடுக்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது. அந்தத் தைரியத்தில் ஜனவரியில் மார்ச் முழுக்க விடுப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

அதிகாரி மறுக்கவில்லை. "மார்ச்சிலாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காகிதத்தை ஓரமாக வைத்தார். அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு முகம் சுருங்கிவிட்டது. சிசிஎல்லை உரிமையாகக் கேட்க முடியாது, முன்அனுமதி வேண்டும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது.

மறுநாள் விடுப்புக் கணக்குப் பார்க்கும் தம்பி கூப்பிட்டார். "மேடம், பையனுக்கு மார்ச் நடுவிலேயே 18 முடியுதே. அதுக்கப்புறம் சிசிஎல் கிடையாது, ஈட்டிய விடுப்புதான் போடணும்." பெற்றவளுக்கு அது தோன்றவில்லை பாருங்கள்! பிளஸ் டூ பிள்ளைகளில் சிலர் தேர்வுச் சமயத்தில்தான் பதினெட்டைத் தொடுகிறார்கள். விண்ணப்பிக்கும் முன் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துவிடுங்கள்.

அன்று இரவு மகனிடமே கேட்டேன்: "நான் எந்த நாள் வீட்டில் இருக்கணும்?" தேர்வு நாள் காலையைச் சொல்வான் என்று நினைத்தேன். "காலையில நீ இருந்தா பதற்றம்தான் கூடும். பிசிக்ஸுக்கும் மேத்ஸுக்கும் நடுவுல இரு" என்றான். அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். ஒரே வாரத்தில் செவ்வாய் இயற்பியல், வெள்ளி கணிதம். பிறந்தநாள் அதற்கு அடுத்த புதன்கிழமை. சரி, அந்த ஒரு வாரம் போதும்.

சிசிஎல் ஒரு தடவைக்குக் குறைந்தது ஐந்து நாள் எடுக்க வேண்டும். விடுப்புக்கு நடுவில் வரும் சனி, ஞாயிறும் கணக்கில் கழியும், முன்னும் பின்னும் வருபவை கழியாது. புதனில் தொடங்கி அடுத்த செவ்வாய் வரை எழுதினால் ஏழு நாள் போகும், வேலை நாள் ஐந்துதான் கிடைக்கும். திங்கள் முதல் வெள்ளி வரை எழுதி, இருபுறச் சனி ஞாயிறையும் சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்டால், கழிவது ஐந்து, வீட்டில் இருப்பது ஒன்பது நாள். அடுத்த வாரம் வியாழனன்று வேதியியல். அதற்கு அரை நாள் தற்செயல் விடுப்பு. தேர்வு ஒன்றேகால் மணிக்கு முடியும், அவன் வரும்போது நான் வீட்டில் இருந்தால் போதும்.

புது விண்ணப்பத்தோடு இன்னொரு தாளும் வைத்தேன். என் கையில் நிலுவையில் இருந்த பதினொரு பில்கள், ஒவ்வொன்றும் யாரிடம் நிற்கிறது, என்ன குறை, யார் தொடர்வார் என்று. கடைசி வரியில், மார்ச் கடைசி வாரம் முழுக்க இருப்பேன், சனிக்கிழமையும் வருவேன் என்று எழுதினேன். அதிகாரி அந்தத் தாளைத்தான் முதலில் படித்தார். கையெழுத்து அன்றே விழுந்தது.

ஒன்றில் மட்டும் சறுக்கப் பார்த்தேன். பில் ஏற்றும் ஐடி ஆளுக்கு ஆள் தனி, கடவுச்சொல்லை யாரிடமும் கொடுத்துவிட்டு வர முடியாது. என் இடத்தில் பார்க்க ஒப்புக்கொண்ட தோழியின் ஐடிக்கு அந்த வேலைக்கான அனுமதியே இல்லை. பத்து நாள் முன்னால் ஒரு பில்லை அவளை வைத்து ஏற்றிப் பார்த்ததால் தெரிந்தது. இல்லாவிட்டால் விடுப்பின் முதல் நாளே போன் அலறியிருக்கும்.

இயற்பியல் முடிந்து வந்தவன் பையை வீசிவிட்டு, "அஞ்சு மார்க் போச்சு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் ஒன்றும் கேட்கவில்லை. நாலு மணிக்கு எழுந்து சாப்பிட்டான், ஐந்து மணிக்குக் கணக்கு நோட்டை எடுத்தான். அலுவலகத்தில் இருந்திருந்தால் போனிலேயே "எந்தக் கேள்வி, ஏன் விட்டே" என்று குடைந்திருப்பேன்.

திங்கட்கிழமை போனபோது பதினொன்றில் எட்டு பாஸ் ஆகியிருந்தன. இரண்டு ஆட்சேபணையோடு திரும்பியிருந்தன, ஒன்று ஒப்பந்ததாரர் ரசீது தராமல் நின்றது. அதிகாரி எதிரே வந்தார். பில்லைப் பற்றிக் கேட்பார் என்று தாளை எடுத்தேன். "கெமிஸ்ட்ரி என்னிக்கும்மா?" என்றார்.