வெளுத்த ஏலக்காய்க்கு எழுதிய பதில்

"காய் வெளுத்துக் கிடக்கு. பழைய சரக்கை எனக்கு அனுப்பிட்டீங்களா?"

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய கேள்வி இது. கால் கிலோ ஏலக்காய் வாங்கியிருந்தார். தட்டில் கொட்டி ஒரு படமும் எடுத்து அனுப்பியிருந்தார். குமுளியில் கடை வைத்திருக்கும் எங்கள் பெரியப்பா மகன் அண்ணன் அதற்கு உடனே பதில் போட்டுவிட்டார்: "நாங்க பழைய சரக்கு விக்கிறதே இல்ல. ஏலக்காய் அப்படித்தான் இருக்கும்."

அதற்குப் பிறகு அந்த அம்மாவிடமிருந்து எதுவும் வரவில்லை. அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. நான் கம்பத்தில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மலையேறிக் கடைக்குப் போனபோது போனை என் கையில் கொடுத்து, "தம்பி, இதை நல்லபடியா எழுதிக் குடு. இதே கேள்வி மாசத்துக்கு நாலு பேராவது கேக்குறாங்க" என்றார். அந்த ஒரு பதிலைத் திருத்தி முடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. அது எப்படி நடந்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

அண்ணன் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கேட்டவருக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் மூன்று விஷயம் தெரிந்துகொள்ள விரும்பினார்: இந்தக் காய் கெட்டுப்போனதா, சமையலுக்கு ஆகுமா, ஆகாதென்றால் என் காசு என்ன ஆகும். பதிலோ கடையின் பேரைக் காப்பாற்றுவதிலேயே முடிந்துவிட்டது. அதனால் முதலில் வார்த்தையைத் தொடாமல், அந்த மூன்றுக்கும் விடை என்ன என்று அண்ணனிடமே கேட்டேன்.

நிறம் ஏன் போகிறது என்று கேட்டதும் அவர் அரை மணி நேரம் பேசினார். இடுக்கியில் அறுவடை ஆகஸ்ட் வாக்கில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை ஓடும். ஒரே செடியில் காய் ஒன்றாக முற்றாது, அதனால் சுற்றுச் சுற்றாகப் பறிப்பார்கள். முற்றிய காயைப் பச்சை நிறம் இருக்கும்போதே எடுக்க வேண்டும். நன்றாகப் பழுக்க விட்டால் தோல் மஞ்சளாகும், உலர்ந்த பிறகு வெளுத்துத் தெரியும். பிறகு ஸ்டோர் என்று சொல்லும் உலர்த்தும் அறையில் காயை உலர்த்தும்போது சூடு கூடினாலும் பச்சை போய்விடும். அதெல்லாம் சரியாக நடந்து, கடைசியில் கண்ணாடி ஜாடியில் வெயில் படும் இடத்தில் வைத்தாலும் நிறம் இறங்கும். ஈரம் பட்டாலும் அப்படித்தான்.

இதை வைத்து நான் எழுதிய முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "அக்கா, கவலையே படாதீங்க! நிறத்துக்கும் பழசுக்கும் சம்பந்தமே இல்லை." படித்துப் பார்த்துவிட்டு அண்ணன் தலையசைத்தார். "அப்படிச் சொல்லாதடா. பழசானாலும் வெளுக்கத்தான் செய்யும். வெளுத்ததெல்லாம் பழசு இல்லன்னுதான் சொல்லணும்." நான் பதிலை அன்பாக்கும் அவசரத்தில் உண்மையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தேன். அந்த வரி அப்படியே போயிருந்தால், நாளைக்கு வேறொருவருக்கு உண்மையிலேயே பழைய காய் போய்ச் சேரும்போது எங்கள் எழுத்தே எங்களுக்கு எதிராக நிற்கும். ஒருவருக்குச் சொல்லும் ஆறுதலை எல்லாருக்கும் பொதுவான பதிலில் வைக்க முடியாது.

"அக்கா" என்பதையும் எடுத்தேன். கடையில் நேரில் பேசும்போது மதினி எல்லாரையும் அக்கா, அண்ணே என்றுதான் கூப்பிடுவார், அது அழகு. ஆனால் சேமித்து வைத்து அனுப்பும் பதிலில் அடுத்தமுறை கேட்பது ஒரு பெரியவராக இருக்கலாம். அதனால் பதிலை இரண்டு துண்டாக்கினேன். மேலே ஒரு வரி, அந்த ஆளுக்காக அந்த நேரத்தில் மதினி கையால் தட்டச்சு செய்வது: பெயர் சொல்லி வணக்கம், படம் பார்த்தோம் என்று ஒரு வார்த்தை. கீழே வருவது எல்லாருக்கும் பொதுவான பதில், "நீங்கள்" என்று. அன்பு அந்த மேல் வரியிலும், கீழே அவர் கேட்டதற்கு ஒளிக்காமல் சொல்லும் விடையிலும் இருந்தால் போதும். ஆச்சரியக்குறிகள் எல்லாம் போய்விட்டன.

அடுத்த சிக்கல்தான் பெரியது. காயில் வாசனையே இல்லையென்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "மாத்திக் குடுப்போம், வேறென்ன" என்றார் அண்ணன். எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும்? "சொன்னா போதும்." திருப்பி அனுப்பும் கூரியர் செலவு யாருடையது? அண்ணன் மதினியைப் பார்த்தார், மதினி அண்ணனைப் பார்த்தார். இதுவரை ஆளுக்குத் தக்கபடி செய்திருக்கிறார்கள். ஒருவரிடம் வாங்கியிருக்கிறார்கள், ஒருவரிடம் வாங்கவில்லை.

பதில் அரைகுறையாக இருந்ததற்கு உண்மையான காரணம் அங்கேதான் தெரிந்தது. கடையே முடிவு செய்யாத ஒன்றை நான் எந்த வார்த்தையில் எழுத முடியும்? "பார்த்துச் செய்வோம்" என்று எழுதலாம், ஆனால் அதைப் படிப்பவர் உடனே எப்படி, எப்போது என்று திரும்பக் கேட்பார். அன்றைக்கு அந்த வரியை எழுதாமலே கீழே இறங்கிவிட்டேன். மூன்று நாள் கழித்து மதினி போன் செய்தார். பார்சல் கையில் கிடைத்து 7 நாளுக்குள் சொல்ல வேண்டும். காயைத் திருப்பி அனுப்ப வேண்டாம், உரித்த விதையின் படம் போதும். புதுக் காய் அனுப்பும் செலவு கடையுடையது. கால் கிலோவுக்காக இரண்டு பக்கமும் கூரியர் கட்டுவதைவிட இது கடைக்கும் லாபம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

இதற்கு முன்பு ஒரு தடவை விலையால் சூடு பட்டிருந்தார்கள். எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள காயைக் குறித்து வரும் "எட்டு மில்லி என்ன ரேட்?" என்ற கேள்விக்கு அன்றைய விலையோடு ஒரு பதிலைச் சேமித்து வைத்து எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். புற்றடியிலும் போடியிலும் நடக்கும் ஏலத்தில் விலை ஏறிவிட்டது, பதிலை மாற்ற மறந்துவிட்டார்கள். ஒருவர் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிப் பழைய விலைக்கே கேட்டார், கொடுத்தார்கள். அதனால் இந்தப் பதிலில் விலை, "நாளைக்கு அனுப்புறோம்" போன்ற நாள் கணக்கு, "இப்போ வந்திருக்கிற சரக்கு" போன்ற சொற்கள் எதுவும் இருக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். அவையெல்லாம் தேவைப்பட்டால் மேல் வரிக்குப் போகட்டும்.

இரண்டாவது வரைவைக் கம்பத்தில் சித்தியிடம் கொடுத்தேன். கேள்வியைக் காட்டவில்லை, பதிலை மட்டும். முதல் சொல்லிலேயே நின்றுவிட்டார். "இல்லை, அப்படி அர்த்தம் இல்லை" என்று தொடங்கியிருந்தேன். "எது இல்ல? எப்படி அர்த்தம் இல்ல?" என்றார். கேள்வியோடு ஒட்டிப் படித்தால்தான் அந்தத் தொடக்கம் புரியும். பிறகு, "விதை நல்லா இருக்கணும்னு எழுதியிருக்க, நல்லா இருக்கிற விதை எப்படி இருக்கும்?" என்றார். எனக்கும் அண்ணனுக்கும் அது தெரியும் என்பதால் எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. சித்தி நின்ற இரண்டு இடங்களைத்தான் கடைசியாகத் திருத்தினேன்.

முடிவில் வந்தது இது:

"ஏலக்காய் வெளுத்திருக்கிறதே, பழைய சரக்கா?

ஏலக்காய் வெளுத்திருப்பதை மட்டும் வைத்து அது பழையது என்று சொல்ல முடியாது. நாளானாலும் நிறம் குறையும். ஆனால் பறிக்கும்போது பழுத்திருந்தாலும், உலர்த்தும்போது சூடு கூடினாலும், பிறகு வெளிச்சமோ ஈரமோ பட்டாலும் குறையும். ஒரு காயை உரித்துப் பாருங்கள். விதை கருப்பாகவோ கரும்பழுப்பாகவோ இருந்து, விரலில் லேசாக ஒட்டி, நசுக்கினால் நல்ல வாசனை வந்தால் தாராளமாகச் சமையலுக்குப் பயன்படுத்தலாம். விதை சுருங்கி, வாசனை இல்லாமல் இருந்தால், பார்சல் கிடைத்த 7 நாளுக்குள் ஐந்தாறு காய்களை உரித்து விதை தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள். வேறு காய் அனுப்புகிறோம், கூரியர் செலவு எங்களுடையது. முதலில் கிடைத்த காயைத் திருப்பி அனுப்ப வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சம் படாத இடத்தில் வைத்தால் நிறமும் வாசனையும் நிற்கும்."

கேள்வியை அந்த அம்மா கேட்ட சொற்களை ஒட்டியே வைத்தேன். "ஏலக்காயின் நிற மாற்றம் குறித்து" என்று நான் முதலில் போட்டிருந்த தலைப்பை மதினி நீக்கச் சொன்னார். "யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்க தம்பி. வெளுத்திருக்குன்னுதான் கேப்பாங்க." சரியான பேச்சு. சேமித்து வைத்த பதில்களின் பட்டியலில் தேடுகிறவர் தன் வாயில் வரும் சொல்லைத்தான் தேடுவார். பதிலின் முதல் வரியிலும் அதே சொல் இருப்பதால், கேள்வி இல்லாமல் பதில் மட்டும் போனாலும் எதைப் பற்றியது என்று புரிகிறது.

வாட்ஸ்அப் பிசினஸில் குயிக் ரிப்ளை என்று ஒரு வசதி இருக்கிறது. அதில் `/niram` என்ற பெயரில் இதைச் சேமித்தோம். பேச்சுப் பெட்டியில் சாய்கோடு போட்டுப் பெயரைத் தட்டினால் முழுப் பதிலும் வந்துவிடும். அனுப்பும் முன் மேல் வரியைச் சேர்த்துக்கொள்ளலாம். மதினி சரளமாக மலையாளம் எழுதுவார். வாக்கியங்கள் சின்னதாக இருந்ததால் மலையாளத்திலும் ஒன்று எழுதி வைத்துக்கொண்டார்.

கோயம்புத்தூர் அம்மாவுக்கு மதினி முதலில் இப்படி எழுதினார்: "வணக்கம்மா. அன்னைக்கு உங்களுக்குச் சரியா பதில் சொல்லல, மன்னிச்சிருங்க. படத்தைத் திரும்பவும் பார்த்தோம்." அதன் கீழே பொதுப் பதில் போனது. பார்சல் கிடைத்து 7 நாள் தாண்டியிருந்தது, ஆனால் தாமதம் எங்களுடையது என்பதால் இந்தக் கணக்கு உங்களுக்கு இல்லை என்றும் சேர்த்தார். மறுநாள் உள்ளங்கையில் விதை வைத்த படம் வந்தது. கருப்பு விதைகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. "வாசனை நல்லாத்தான் இருக்கு" என்று எழுதியிருந்தார்.

கார்த்திகையில் ஐயப்பன் கோயிலுக்குப் போய்த் திரும்புகிற கூட்டம் குமுளியில் நிறைந்தபோது, இன்னொரு வகைக் கேள்வி வரத் தொடங்கியது: "இவ்வளவு பச்சையா இருக்கே, சாயம் போட்டதா?" கடையில் இருந்த பையன் நிறம் என்றதும் `/niram` அனுப்பிவிட்டான். வெளுத்த காயைப் பற்றிய பதில் பச்சைக் காய்க்காரருக்குப் போய், அவர் குழம்பிப் போனார். மதினி அந்தப் பெயரை `/veluppu` என்று மாற்றினார். சாயத்துக்குத் தனியாக ஒன்று எழுத உட்கார்ந்தோம். ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்க்கச் சொல்லலாம், பச்சை ஒட்டினால் சந்தேகப்படலாம் என்றார் அண்ணன். அக்கம்பக்கத்துக் கடைகளைக் குறை சொல்வதுபோல் ஆகாமல் அதை எப்படி எழுதுவது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.