படத்திறப்பில் எங்கள் இடது கார்னருக்காக வாசித்த உரை

எங்கள் கபடி அணியில் இடது ஓரத்தில் நின்று பிடிக்கும் ஆட்டக்காரன், எங்கள் இடது கார்னர், இறந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு மைதானத்திலேயே படத்திறப்பு வைத்தோம். ஆடியவர்கள் சார்பில் ஒரு உரை வாசிப்பது என்று முடிவானது. களத்தில் அவன் கையைக் கோத்து நின்றவன் நான் என்பதால் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

முதலில் எல்லோரிடமும் அவனைப் பற்றி எழுதி அனுப்பச் சொன்னேன். "நல்ல பையன், எல்லாருக்கும் உதவுவான்" என்றே வந்தது. உண்மைதான். ஆனால் அதை அவன் தெருவில் யாரும் சொல்வார்கள். அப்புறம் கேள்வியை மாற்றினேன்: ஆட்டத்தில் அவன் செய்ததில், வெளியே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியாதது எது?

அதற்குப் பிறகுதான் உரைக்கு உயிர் வந்தது. எனக்கே ஒன்று நினைவுக்கு வந்தது. எதிரணியிலிருந்து பாடி வரும் ரைடர் போனஸ் கோட்டைத் தாண்டிக் காலை நீட்டும்போது, கணுக்காலைப் பிடிக்கப் பாய்வதற்கு முன் அவன் என் கையை ஒருமுறை அழுத்துவான். நான் போகிறேன், நீ பின்னாலேயே வா என்று அர்த்தம். அழுத்தாவிட்டால் நான் நகரமாட்டேன். கார்னர் தனியாகப் பாய்ந்து பிடி நழுவினால் ரைடருக்குப் புள்ளி, கார்னர் வெளியே. அவன் அப்படித் தனியாகப் போனதே இல்லை. உரையின் நடுவில் இதைத்தான் வைத்தேன்.

ஒரு இறுதிப் போட்டியின் கடைசிப் பிடியைப் பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள். ஸ்கோர் தாள் கிடைக்கவில்லை. அதனால் புள்ளிக் கணக்கை விட்டுவிட்டேன்.

எழுதியதை முதலில் அவன் அக்காவிடம் காட்டினேன். இதை யாரும் தவிர்க்கக் கூடாது. முழங்கால் வீங்கியிருந்தபோதும் வீட்டில் மறைத்து ஆட வந்த கதை அதில் இருந்தது. "அம்மாவுக்கு இது தெரியாது. மைக்கில் கேட்டு அவங்க தெரிஞ்சுக்க வேண்டாம், நான் முதல்ல சொல்லிடறேன்" என்றார். எப்படி இறந்தான் என்பதையும் எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன். முதலில் முழுப் பெயர், பிறகு நாங்கள் கூப்பிட்ட பெயர் என்று வைத்தது அவர் விருப்பம்தான்.

அப்புறம் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். கண்ணுக்குச் சின்னதாகத் தெரிந்த வாக்கியங்கள் மூச்சு வாங்க வைத்தன. உடைத்து, குறைத்து, நான்கு நிமிடத்துக்குள் கொண்டுவந்தேன். போன் திரை வெளிச்சத்தை நம்பாமல் பெரிய எழுத்தில் இரண்டு பிரதி அச்சடித்தேன். எந்த வாக்கியமும் பாதியில் அடுத்த பக்கம் போகாதபடி பார்த்துக்கொண்டேன்.

வாசித்தவர் கேப்டன். இன்னொரு பிரதியுடன் நான் பக்கத்தில் நின்றேன். அவர் குரல் நின்றால் அவசரப்பட வேண்டாம், கொஞ்சம் பொறுத்து, அவர் தலையசைத்தால் மட்டும் நான் தொடரலாம் என்று பேசிவைத்திருந்தோம். கையை அழுத்தும் இடத்தில் நின்றுவிட்டார். கூட்டமும் பொறுத்தது. அவர் தலையசைத்தார், மீதியை நான் வாசித்தேன். கீழே இறங்கியதும் அக்கா, அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று கேப்டனின் பிரதியை வாங்கிக்கொண்டார்.