காணாமல் போன 480 பேர்

மார்த்தாண்டத்தில் தேன் விற்கும் ஒருவரின் இணையக் கடைக்குத் தக்கலையில் வீட்டிலிருந்தபடி தரவு வேலை பார்க்கிறேன். ரப்பர் தோட்டத்தில் தேன் எடுக்கும் வீடியோவைப் பக்கத்தின் தலையில் வைத்தால் விற்பனை கூடுமா என்று அவர் கேட்டார். வருகிறவர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, பழைய பக்கத்தையும் வீடியோ பக்கத்தையும் 2 வாரம் ஓட்டினேன்.

பழையதற்கு வந்த 10,240 பேரில் 307 பேர் வாங்கியிருந்தார்கள், 3.0 சதவீதம். வீடியோ பக்கத்தில் 9,760 பேரில் 352 பேர், 3.6 சதவீதம். உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவோ இதைவிட அதிகமோ வித்தியாசம் வரும் வாய்ப்பைச் சொல்லும் பி மதிப்பு 0.016. வழக்கமான எல்லையான 0.05-க்குக் கீழே வந்துவிட்டதே என்று முதலாளிக்குச் செய்தி அனுப்பப் போனேன். அதற்கு முன் நாகர்கோவிலில் இருக்கும் எங்கள் சீனியர் அண்ணனிடம் காட்டினேன். அவர் விற்பனையைப் பார்க்கவே இல்லை. "மக்கா, பாதிப் பாதிதானே பிரிச்ச? ரெண்டுக்கும் நடுவுல 480 பேர் எப்படி வித்தியாசம் வரும்?" என்றார்.

20,000 முறை காசு சுண்டினால் தலைக்கும் பூவுக்கும் உள்ள வித்தியாசம் வழக்கமாக 20,000-இன் வர்க்கமூலம் அளவில், அதாவது 141 அளவில் ஊசலாடும். 480 அதைப் போல 3.4 மடங்கு. பாதிப் பாதியாகப் பிரித்தால் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வருமா என்ற சந்தேகம் தீர இரண்டு வரி போதும்:

```
from scipy.stats import chisquare
print(chisquare([10240, 9760]))
```

பி மதிப்பு 0.0007 வந்தது. பிரித்ததிலோ எண்ணியதிலோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். அது தெரியும்வரை விற்பனைக் கணக்கை நம்ப முடியாது.

சாதன வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். லேப்டாப்பில் சமமாக இருந்தது, குறைந்தது மொபைலில் மட்டும். சர்வர் பதிவில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகத்தான் அனுப்பப்பட்டிருந்தன. எண்ணும் ஸ்கிரிப்ட், வீடியோ ஏறி முடித்த பிறகுதான் ஓடியது. சிக்னல் மெதுவான இடத்தில் காத்திருந்து சலித்துப் போனவர்கள் எண்ணிக்கையிலேயே வரவில்லை. வாங்காமல் போனவர்கள் வகுக்கும் எண்ணிலிருந்து விழுந்துவிட்டதால் வீடியோ பக்கத்தின் சதவீதம் தானாக ஏறியிருக்கிறது.

அந்த 480 பேரையும் வாங்காதவர்களாகச் சேர்த்துப் பார்த்தேன்: 3.44 சதவீதம், பி மதிப்பு 0.075. ஆனால் இதையும் விடையாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் 480 என்பதே என் ஊகம். எண்ணுவதை சர்வருக்கு, பக்கம் ஒதுக்கப்படும் அந்த நொடிக்கே மாற்றி, மறுபடி 2 வாரம் ஓட்டுவதுதான் வழி.

இந்த முறை பழைய பக்கத்துக்கு 10,115 பேர், வீடியோ பக்கத்துக்கு 10,031 பேர். பிரிவு சரி. வாங்கியவர்கள் அதே வரிசையில் 318, 331. பி மதிப்பு 0.53. வீடியோவால் பயனே இல்லை என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. இவ்வளவு பேரை வைத்து 0.7 சதவீதப் புள்ளிக்குக் குறைந்த வித்தியாசத்தை நம்பிப் பிடிக்க முடியாது. முதலாளியிடம் அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ வீடியோ எடுத்த காசு?" என்றார்.