தாமதமாக வரும் ஜிபிஎஸ்: பெங்களூரு ட்ரோன் நாட்குறிப்பு

ஜனவரி 6, 2024, சனி

சந்தாபுரா தாண்டி ஒரு காலி மைதானம். அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் பச்சைப் பகுதி என்று பார்த்துவிட்டே பறக்கவிட்டோம். சுழற்சியை அளக்கும் ஜைரோவும் முடுக்கமானியும் நொடிக்கு 200 முறை, ஜிபிஎஸ் நொடிக்கு 5 முறை அளவீடு தருகின்றன. எக்ஸ்டெண்டட் கால்மன் ஃபில்டர் முதல் இரண்டை வைத்து நிலை, வேகம், சாய்வு ஆகியவற்றை முன்கணிக்கிறது. ஜிபிஎஸ் வரும்போதெல்லாம் அதைத் திருத்துகிறது.

ஈர்ப்பு முடுக்கத்துக்கு 9.80665 என்று எழுதியிருந்ததை முதலில் மாற்றினோம். பெங்களூரில் அது சுமார் 9.780. அந்த 0.027 வித்தியாசம் முடுக்கமானியின் பயாஸ், அதாவது மாறாத பிழை போல வேடமிட்டு செங்குத்து வேகத்தில் ஏறிக்கொண்டே போகும்.

இன்றைய சிக்கல் வேறு. 12 மீ/நொடியில் நேராகப் போகும்போது எல்லாம் ஒழுங்கு. பிரேக் பிடித்து நின்றதும் ட்ரோன் தானாகப் பின்னால் நகர்கிறது. தான் இன்னும் முன்னே போவதாக ஃபில்டர் நம்புகிறது. கன்ட்ரோலர் அதை எதிர்த்துப் பின்னால் இழுக்கிறது.

ஜனவரி 7, ஞாயிறு

லாகில் பார்க்க வேண்டியது இன்னொவேஷன், அதாவது ஜிபிஎஸ் சொன்னதில் ஃபில்டர் எதிர்பார்த்ததைக் கழித்தால் மிஞ்சுவது. சீரான வேகத்தில் அது பூஜ்யத்தை ஒட்டியே இருக்கிறது. இதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஜிபிஎஸ் 0.17 நொடி பிந்தி வந்தால் நிலை 12 × 0.17 = 2.04 மீட்டர் பின்தங்கியிருக்கும். ஆனால் ஃபில்டரும் அந்தப் பின்தங்கிய இடத்துக்கே இழுபட்டுப் போய்விடுவதால் இரண்டும் ஒத்துப்போகின்றன. பிழை இருக்கிறது, அடையாளம்தான் இல்லை.

முடுக்கம் மாறும் கணத்தில்தான் அது வெளியே தெரியும். 4 மீ/நொடி² பிரேக் தொடங்கியதும் முடுக்கமானி வேகம் குறைவதைச் சொல்லிவிடுகிறது. ஜிபிஎஸ் இன்னும் பழைய வேகத்தையே சொல்கிறது. வித்தியாசம் 4 × 0.17 = 0.68 மீ/நொடி வரை ஏறி, ஃபில்டர் சரிசெய்துகொள்ள மெல்ல வடிகிறது. பிரேக் முடிந்ததும் அதே அளவு எதிர்க்குறியில் வருகிறது. இந்த இரட்டைக் கூர்முனையே தாமதத்தின் கைரேகை.

மோசமான பக்கவிளைவு ஒன்று உண்டு. சாய்வில் 1° பிழை இருந்தால் கிடைமட்ட முடுக்கத்தில் 0.17 மீ/நொடி² தவறு வரும். 4 நொடியில் அது 0.68 மீ/நொடி ஆகும். எனவே ஃபில்டர் தாமதத்தைச் சாய்வின் மேல் போட்டு, சரியாக இருந்த சாய்வைக் கெடுக்கிறது. ஜிபிஎஸ் இரைச்சல் அளவை உயர்த்தி இதை மறைக்கக் கூடாது. அது இரைச்சல் இல்லை, முடுக்கத்தோடு சேர்ந்தே நகரும் பிழை.

ஜனவரி 13, சனி

தாமதத்தை அளந்தோம். முகத்தைத் திருப்பாமல், வடக்கு பார்த்தபடியே கிழக்கு மேற்காகப் பறந்து திடீர் பிரேக். முடுக்கமானியைத் தொகுத்துக் கிடைத்த வேகத்தையும் ஜிபிஎஸ் வேகத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஜிபிஎஸ் வரிசையை 5 மில்லிநொடியாக முன்னே நகர்த்தினால் 170இல் நன்றாகப் பொருந்துகிறது.

இதில் பாதிக்கு மேல் வயரிலேயே போகிறது. நிலையையும் வேகத்தையும் ரிசீவர் அனுப்பும் `UBX-NAV-PVT` செய்தி 100 பைட். 9600 பாட் வேகத்தில் பைட்டுக்கு 10 பிட் வீதம் 104 மில்லிநொடி. 115200க்கு மாற்றினால் 8.7. அளந்து பார்த்தால் மீதி 75.

அந்த 75இல் ரிசீவர் கணக்குப்போடும் நேரமும் அதன் உள் மென்மையாக்கலும் கலந்திருக்கின்றன. செய்தியில் உள்ள `iTOW` அளந்த நேரத்தைச் சொல்லும். மென்மையாக்கலால் வரும் பின்னடைவை அது சொல்லாது. அதனால் பறந்து அளப்பதைத் தவிர்க்க முடியாது. ரிசீவரின் `dynModel` மதிப்பை 8, அதாவது 4ஜி வரையான வான்வழி மாடலாக வைக்க வேண்டும். தரையில் நடப்பவருக்கான மாடல் இருந்தால் பிரேக்கை இழுத்து மழுக்கிவிடும்.

ஜனவரி 14, போகி

மீதியை ஃபில்டரில் சரிசெய்தாயிற்று. 75 மில்லிநொடி என்றால் 15 முன்கணிப்புப் படிகள். ஃபில்டரையே அவ்வளவு பின்னால் ஓடவிட்டு, வரும் ஜைரோ, முடுக்கமானி அளவீடுகளை பஃபரில் காத்திருக்க வைக்கிறோம். ஜிபிஎஸ் தனக்குரிய கணத்தின் நிலையோடு சேர்கிறது. பிறகு பஃபரில் உள்ளதைக் கூட்டி இப்போதைய கணத்துக்கு வருகிறோம்.

```
y = z_vel - x_delayed.vel
x_delayed, P = update(x_delayed, P, y)
x_now = propagate(x_delayed, imu_buf)
```

இப்போதைய நிலையின் கோவேரியன்ஸை, அதாவது பிழைகளின் அளவும் அவற்றுக்கிடையேயான தொடர்பும் அடங்கிய அணியை எடுத்துப் பழைய இன்னொவேஷனோடு கலப்பது எளிது. மெல்லப் பறக்கும்போது அது தாங்கும். வேகமாகச் சுழலும்போது சாய்வுக்கும் வேகத்துக்குமான தொடர்பு மாறிவிடுவதால் தவறும்.

பிரேக்கில் கூர்முனை 0.15 மீ/நொடிக்குள் அடங்கிவிட்டது. நின்றபின் பின்னால் நகர்வதும் இல்லை. நின்ற இடத்தில் சுழலும்போது மட்டும் 0.24 வருகிறது. அது தாமதம் அல்ல: ஆன்டெனா மையத்திலிருந்து 12 செ.மீ. முன்னே இருக்கிறது, சுழற்சி நொடிக்கு 2 ரேடியன். அந்தத் தூரத்தை அளவீட்டு மாதிரியில் சேர்க்க வேண்டும்.